ஐயாயிரத்து இருநூற்றுப் பதினான்கு பேர்

கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர், கோப்பைப் பொறுமையாகப் புரட்டி மூன்றாம் பக்கத்தில் நின்றார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பிறகு கேட்டார்.

“உங்க ஆடிட்டோரியத்துல எத்தன நாற்காலிம்மா?”

“எண்ணூறு. எதுக்குக் கேக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல. மிச்ச நாலாயிரத்துச் சொச்சம் பேரு எங்க உக்காந்தாங்கன்னு யோசிச்சேன்.”

விளம்பரம் கேட்டு வந்திருந்த மாணவிக்கு வகுப்பில் ‘வெடி’ என்று பெயர். திரியைப் பற்றவைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம்.

“எல்லாரும் ஒரே நேரத்துல உக்காருவாங்களா அங்கிள்? ரெண்டு நாள் விழா, இருபத்தாறு போட்டி. அங்கங்க நடக்கும்.”

“நடக்கட்டும். பதினெட்டு வருஷமா இந்த வாசலத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஐயாயிரம் பேரு உள்ள போயிருந்தா எனக்கு ஒரு கட்டு பேப்பராவது கூடுதலாத் தீந்திருக்கும்.”

“குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. எங்க கணக்கக் குத்தம் சொல்லாதீங்க.”

“கோவம் நல்லா வருது,” என்றார் அவர், கோப்பை நீட்டிக்கொண்டே. “படிப்பும் இதே மாதிரி வருதா?”

அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள். கஞ்சப் பிசினாரி. பத்து பைசா கொடுக்காமல் இருக்கப் பத்து கேள்வி. பட்டியலில் அவர் கடைக்கு நேரே ஒரு பெருக்கல் குறி போட்டாள். பேனா தாளைக் கிழித்தது.

கோப்பு அவள் செய்தது. அதில்தான் அவளுக்குத் திமிர். கல்லூரியின் தொழில்நுட்ப விழாவுக்கு விளம்பர ஆதரவு கேட்டு உள்ளூர் வியாபாரிகளுக்குக் கொடுக்கும் கோப்பு ஒவ்வொரு வருடமும் ஆங்கிலத்தில்தான் போகும். பதினான்கு பக்கம், பாதிக்கு மேல் மேடை விளக்குகளின் படம். டயர் கடைக்காரரும் மருந்துக்கடைக்காரரும் அதை வாங்கிக் கல்லாவுக்கு அடியில் போட்டுவிடுவார்கள். அப்புறம் அதன்மேல் டீ டம்ளர் வைப்பார்கள். இந்த வருடம் அவள் ஆறே பக்கத்தில், கடைக்காரருக்குப் புரிகிற பேச்சில் எழுதினாள். முதல் பக்கம் முதல்வர் கையெழுத்துடன் கடிதம். இரண்டாவது, விழா என்றால் என்ன, என்றைக்கு, எங்கே. மூன்றாவது, யார் வருகிறார்கள். நான்காவது, உங்களுக்கு என்ன கிடைக்கும். ஐந்தாவது, முதன்மை, தங்கம், வெள்ளி என்று மூன்று படிகள், ஒவ்வொன்றுக்கும் தொகை. கடைசிப் பக்கம், யாரைக் கூப்பிட வேண்டும், சின்னத்தை என்றைக்குள் அனுப்ப வேண்டும்.

வெள்ளிக்கு நுழைவுப் பாதையில் ஒரு நிற்கும் பலகை, விழாப் புத்தகத்தில் கால் பக்கம். தங்கத்துக்கு உள்ளே ஒரு ஸ்டால், தொண்டர்களின் சட்டை முதுகில் சின்னம். முதன்மை ஒருவருக்கு மட்டும்: விழாப் பெயருக்கு முன்னால் கடைப் பெயர், மேடைத் திரையில் பெரிதாக, வாசலோரம் முதல் ஸ்டால், தொடக்க விழாவில் ஐந்து நிமிடம் பேச மைக். அதோடு, அதே தொழிலில் இன்னொரு கடையை உள்ளே விடமாட்டோம் என்ற உறுதி.

அந்த மூன்றாம் பக்கம் மட்டும் அவள் முதுகை நிமிர்த்தி வைத்திருந்தது. பழைய கோப்பில் ‘ஆயிரக்கணக்கானோர்’ என்றுதான் இருந்தது. அதென்ன ஆயிரக்கணக்கு? காசு கேட்கிறவள் எண்ணைச் சொல்ல வேண்டாமா? போன வருடத்துப் போட்டிப் பொறுப்பாளர்களிடமெல்லாம் நடையாய் நடந்து இருபத்தாறு பட்டியல்களை வாங்கினாள். எல்லாவற்றையும் கணினியில் ஒரே தாளில் ஒட்டிக் கூட்டினாள். ஐயாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. விழாக் குழுக் கூட்டத்தில் அதைச் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். விழாவின் கன்வீனர், கடைசி வருடத்துப் பையன், ‘கலக்கிட்டே வெடி’ என்றான். ஒரு மாதம் முன்பு, விளம்பரப் பொறுப்புக்கு அவள் பெயர் கொடுத்தபோது ‘இதுக்கெல்லாம் நாலு பேரத் தெரிஞ்சிருக்கணும், உனக்கு யாரத் தெரியும்?’ என்று கேட்டவனும் அவன்தான்.

உண்மையில் அவளுக்கு ஒரே ஒரு முதலாளியைத்தான் தெரியும். அப்பாவின் முதலாளி.

கடைத்தெருவின் மூன்று மாடிக் கணினிக் கடை அது. அப்பா அங்கே வேன் ஓட்டுகிறார். கிடங்கிலிருந்து பெட்டிகளை ஏற்றி, கடைக்கும் வாங்கியவர் வீட்டுக்கும் கொண்டுபோய் இறக்குவது வேலை. அவள் போன அன்று அப்பா வேனை நிறுத்திவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி அறைக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. குளிர்சாதனம் ஒத்துக்காது என்றார். பதினோரு வருடமாக ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

முதலாளி கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். அதற்கே அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது.

“ஐயாயிரத்து இருநூத்திப் பதினாலு. சில்லறையோட போட்டிருக்கே. இது நெசமா?”

“பட்டியல் இருக்கு சார். கூட்டிப் பாத்துதான் போட்டேன்.”

அவர் கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே தலையை நீட்டினார்.

“என்னய்யா, உம் பொண்ணு இப்படிச் சொல்லுது. நம்பலாமா?”

“அவ எழுதினா சரியா இருக்கும் முதலாளி,” என்றார் அப்பா. யோசிக்கவே இல்லை.

“நீ சொன்னா சரிதான்.” முதலாளி திரும்பி வந்து உட்கார்ந்தார். “பதினோரு வருஷம்மா. இவன் இறக்கின பொட்டிய ஒரு நாளும் நான் எண்ணினதில்ல. ஒண்ணு குறைஞ்சதும் இல்ல.”

முதன்மைப் படியையே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அதோடு நிற்கவில்லை. ஐயாயிரம் மாணவர்கள் என்றால் அதில் நூற்றைம்பது பேராவது லேப்டாப் வாங்க மாட்டார்களா? விழாவுக்கென்று தனி விலையில் நூற்றைம்பது லேப்டாப்புகளை மொத்த வியாபாரியிடம் சொல்லி வைக்கப் போகிறார். மொத்தமாக எடுத்தால்தான் அந்த விலை, திருப்பி அனுப்ப முடியாது. கடைப் பெயர் அச்சடித்த துணிப்பை ஐயாயிரம். ஸ்டாலில் இரண்டு நாளும் நிற்க நம்பிக்கையான ஆள் வேண்டும்.

“உங்க அப்பாவையே நிறுத்திடறேன். வேன வேற எவனாவது ஓட்டட்டும். நல்லா ஓடுச்சுன்னா அப்புறம் கடைக்குள்ளயே வச்சுக்கலாம். அவனுக்கும் முதுகு வலி, பொட்டி தூக்கற வயசா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பாவுக்கு இது கேட்டதா தெரியவில்லை. ஆனால் அவர் தன் முதுகை ஒரு முறை தொட்டுக்கொண்டார்.

“வியாழக்கிழமை மதியம் ஆர்டர் போடணும். அன்னைக்கே உங்க ஒப்பந்தத்துலயும் கையெழுத்து. அதுக்குள்ள ஒண்ணு குடு. இந்த ஐயாயிரத்துல மொத வருஷம் எத்தன, கடைசி வருஷம் எத்தனன்னு பிரிச்சுக் குடு. கடைசி வருஷப் பசங்க வேலை கெடச்சாதான் வாங்குவாங்க. மொத வருஷத்துக்காரன்தான் நம்ம ஆளு.”

நியாயமான கேள்வி. அந்தக் கேள்விதான் அவள் தலையில் கல்லைப் போட்டது.

செவ்வாய்க்கிழமை கணினி ஆய்வகத்தில், வகுப்பு முடிந்தபின், வருட வாரியாகப் பிரிக்கப் பட்டியலைத் திறந்தாள். பெயர், கல்லூரி, வருடம், பாஸ் எண். பாஸ் எண்ணை வைத்து வரிசைப்படுத்தினாள். திரை ஒரு நொடி யோசித்தது. பிறகு ஒரே எண் ஐந்து முறை வந்து நின்றது. பாஸ் எண் நூற்றுப் பன்னிரண்டு: ரோபோ பந்தயம், வினாடி வினா, நிரல் எழுதுதல், பாலம் கட்டுதல், காகித விமானம். ஒரே பையன். அடுத்தவள் ஆறு. அடுத்தவன் நான்கு.

அவள் பக்கத்து நாற்காலியில் இருந்த தோழியைக் கேட்டாள், “ஒரு பாஸ் வாங்கினா எத்தன போட்டிக்குப் போகலாம்?”

“ஆறு வரைக்கும். உனக்குத் தெரியாதா?”

தெரியாது. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அவள் விழாவுக்குப் போகவே இல்லை. பாஸ் விலையைப் பார்த்துவிட்டு, ‘எனக்கு இந்தக் கூத்தெல்லாம் பிடிக்காது’ என்று வகுப்பில் சொல்லிவிட்டு, நாலு மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போனவள். சினிமாவுக்கு எடுப்பது மாதிரி, போட்டிக்கு ஒரு டிக்கெட் என்றே நினைத்திருந்தாள். ஒரு முறை உள்ளே போயிருந்த எவளும் செய்திருக்க மாட்டாள் இந்தத் தப்பை.

ஒரே பாஸ் எண் திரும்ப வரும் வரிகளை நீக்கச் சொல்லி பொத்தானை அழுத்தினாள். வரிகள் மளமளவென்று சுருங்கின. கீழே எண் வந்தது.

1,087.

இன்னொரு முறை செய்தாள். கணினி அவளிடம் இரக்கம் காட்டவில்லை. ஆயிரத்து எண்பத்தேழு பேர். அதில் முதல் வருடம் இருநூற்று நாற்பது. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதே கல்லூரிக்காரர்கள், சேரும்போதே லேப்டாப் வாங்கியவர்கள். ஜெராக்ஸ்காரரின் எண்ணூறு நாற்காலி கண்முன் வந்து வரிசையாக நின்றது.

கன்வீனர் கேன்டீனில் இருந்தான். அவள் மடிக்கணினியைத் திறந்து அவன் சமோசா தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“பாரு. அஞ்சு மடங்கு தப்பா போட்டிருக்கேன்.”

அவன் திரையைப் பார்க்கவே இல்லை. அதிலேயே அவளுக்குப் பாதி புரிந்தது.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“கூட்டத்துல சொன்னப்பவே கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கேன்னு தோணுச்சு. நல்லாத்தான இருக்குன்னு விட்டுட்டேன்.”

“விட்டுட்டியா?”

“கத்தாத. எல்லா காலேஜும் இப்படித்தான் போடுது. மத்த காலேஜ் கோப்பெல்லாம் எடுத்துப் பாரு, ஒருத்தன் பத்தாயிரம்னு போட்டிருக்கான், அவங்க காலேஜ்லயே மொத்தம் ரெண்டாயிரம் பேருதான். கடைக்காரங்களுக்கும் இது தெரியும். அவங்களே மனசுக்குள்ள பாதியாக் குறைச்சுப்பாங்க.”

“இவரு குறைக்கல. நூத்தம்பது லேப்டாப் சொல்லி வைக்கப் போறாரு. திருப்பி அனுப்ப முடியாது.”

“அது அவர் வியாபாரம். அவர வாங்கி வைக்கச் சொல்லி நாம எழுதினோமா?” அவன் சமோசாவை உடைத்தான். “ரோபோ பந்தயத்துக்குக் களம் வாடகைக்கு சொல்லியாச்சு. முதன்மை போனா களமும் போச்சு, பரிசும் போச்சு. விழா முடிஞ்சதும் நல்லதா நாலு கூட்டப் படம் போட்டு அறிக்கை அனுப்புவோம். கிட்ட இருந்து எடுத்தா நூறு பேரே ஆயிரம் மாதிரி தெரியும். யாரு வாசல்ல நின்னு எண்ணப் போறா?”

“எங்கப்பா நிப்பாரு. ரெண்டு நாளும்.”

அவன் மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தினான். பிறகு, “அப்ப நீதான் யோசிச்சுக்கணும். உங்க அப்பா வேலையாச்சு,” என்றான். அக்கறையாகச் சொல்வது போலவே சொன்னான், படுபாவி.

அவளுக்கு வழக்கமாக வரும் கோபம் ஒன்று உண்டு. ஊரில் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள், தான் ஒருத்திதான் நேர்கோடு என்கிற கோபம். கட்டணம் கேட்கும் அலுவலகக்காரர் முதல் மதிப்பெண்ணைக் குறைக்கும் ஆசிரியர்வரை எல்லோர் மேலும் அதை வாரி இறைத்திருக்கிறாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைத் தேடிப் பார்த்தாள். வரவில்லை. கன்வீனர் மேல் கொஞ்சம் வந்தது, போதவில்லை. கூட்டியது அவன் இல்லையே.

வீட்டில் அப்பா கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். கடைப் பெயர் பொறித்த நீலச் சட்டை. மடிப்பு கலையாமல், கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார்.

“உங்கப்பா கண்ணாடி பாக்கறது எங்க கல்யாணத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான்,” என்றாள் அம்மா. “அன்னைக்கும் இப்படித்தான், மூச்சே விடல.”

“போடி. சைசு பாக்கத்தான் குடுத்தாரு முதலாளி.” அப்பா திரும்பினார். “பாப்பா, ஸ்டால்ல நான் என்ன பேசணும்? ராம்னா என்ன, ஹார்டு டிஸ்க்னா என்ன, கொஞ்சம் சொல்லிக் குடு. பதினோரு வருஷமா தூக்கறேன், உள்ள என்ன இருக்குன்னு தெரியாது.”

அவள் பையைக் கழற்றாமலே சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியாது அவளுக்கு. எதையும் உடைத்துத்தான் சொல்வாள். ஆயிரத்து எண்பத்தேழு என்றாள். எப்படித் தப்பானது என்பதையும் சொன்னாள், விழாவுக்குப் போகாததையும் சேர்த்து.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். சட்டை கசங்கும் என்று உடனே எழுந்தார்.

“பாஸ் வாங்கக் காசு கேட்டிருந்தா குடுத்திருப்பேனே.”

“அது இல்லப்பா இப்ப விஷயம்.”

“எனக்கு அதான் விஷயம்.” கழுத்துப் பொத்தானைத் திருகினார். “சரி. அந்தப் பையன் சொன்ன மாதிரியே விட்ரு. இந்த வருஷம் கூட்டம் கம்மின்னு சொல்லிக்கலாம். பரீட்சை கிட்ட வந்துடுச்சு, பசங்க வரலன்னு சொல்லு. யாரும் உன்னக் கேக்க மாட்டாங்க.”

“அப்பா!”

“முதலாளி எங்கிட்டதான கேட்டாரு? நான்தான நம்பலாம்னு சொன்னேன்? இப்பப் போயி அது தப்புன்னு நின்னா, நாளைக்கு நான் எத சொன்னாலும்...” முடிக்கவில்லை. “அவரு பெரிய ஆளு. நூத்தம்பது பொட்டி அவருக்குப் பெருசில்ல. கொஞ்சம் கொஞ்சமா வித்துப்பாரு. எனக்கு இருக்கறது அந்த ஒரு பேருதான் பாப்பா.”

“அந்தப் பேர வச்சுத்தான்ப்பா அவரு வாங்கப் போறாரு.”

அப்பா சட்டையைக் கழற்றினார். உதறினார். பழைய மடிப்பிலேயே மடிக்கப் பார்த்தார், கை வரவில்லை. அம்மா வாங்கி மடித்து அட்டைக்குள் செருகினாள். புதன்கிழமை காலை அப்பா அவள் எழுவதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்ததும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அவள் அன்று முழுதும் மூன்றாம் பக்கத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். வந்தவர் 1,087. வருட வாரியாக ஒரு அட்டவணை. கீழே ஒரு வரி: முன்பு கொடுத்த எண் போட்டிப் பதிவுகளின் கூட்டல், ஆட்களின் எண்ணிக்கை அல்ல, பிழைக்கு நான் பொறுப்பு. ‘வருந்துகிறோம்’ என்று முதலில் எழுதியிருந்தாள். அதென்ன ‘றோம்’? தப்பு செய்தது ஒருத்தி. அடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கடைக்குப் போனபோது முதலாளி போனில் இருந்தார். மேஜையில் மொத்த வியாபாரிக்குப் போகவேண்டிய ஆர்டர் தாள், பக்கத்தில் மூடி திறந்த பேனா. கண்ணாடிக்கு வெளியே அப்பா சாவிக் கொத்தோடு நின்றார். மகளைப் பார்த்ததும் சாவிக் கொத்து கைக்குள் இறுகியது. ‘வேண்டாம்’ என்பது போல் தலையை லேசாக ஆட்டினார். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

“வாம்மா. பிரிச்சுக் கொண்டாந்தியா?”

“கொண்டாந்திருக்கேன் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நான் குடுத்த கணக்கு தப்பு.”

முதலாளி திருத்திய பக்கத்தை வாங்கினார். கீழே இருந்த வரியை இரண்டு முறை படித்தார் என்று கண் ஓடியதில் தெரிந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்து அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மெதுவாகப் போட்டார்.

“என்னைக்குத் தெரிஞ்சுது?”

“செவ்வாய்க்கிழமை.”

“இன்னைக்கு வியாழன்.”

“திருத்தி எழுதிட்டு வரணும்னு...”

“போன் பண்ணி ஒரு வார்த்த சொல்ல எத்தன பக்கம் எழுதணும்?”

புதன்கிழமை முழுக்க எழுதினாளா, பயந்தாளா என்று அவளுக்கே இப்போது சந்தேகமாக இருந்தது.

“நேத்து சாயங்காலம் துணிப்பைக்குச் சொல்லிட்டேன்,” என்றார் முதலாளி. “ஐயாயிரம். உங்கப்பாதான் வேன்ல போயி மாதிரி வாங்கிட்டு வந்தான்.” நிறுத்தினார். மகளைப் பார்த்தார், கண்ணாடிக்கு வெளியே பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். “இது அவனுக்குத் தெரியுமா?”

அவள் இதற்குத் தயாராக வரவில்லை. தன் பிழையைச் சொல்லத்தான் ஒத்திகை பார்த்திருந்தாள். தெரியும் என்றால் அப்பா ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு பை வாங்கி வந்தவர். தெரியாது என்றால், பொய்யைத் திருத்த வந்த இடத்திலேயே இன்னொரு பொய். வாழ்க்கையில் முதல் முறையாக ‘வெடி’ திரியோடு நமுத்துப் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். என்ன வந்திருக்கும் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

கண்ணாடிக் கதவு திறந்தது. அப்பா உள்ளே வந்தார். பதினோரு வருடத்தில் முதல் முறை.

“தெரியும் முதலாளி. செவ்வாக்கிழமையே சொல்லிட்டா. நான்தான் சொல்லாதன்னேன்.”

“ஏன்யா?”

“பயம்.”

குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் முன்கையில் மயிர்கள் சிலிர்த்து நின்றன. அது குளிருக்காகவும் இருக்கலாம்.

முதலாளி ஆர்டர் தாளை எடுத்தார். கிழிக்கவில்லை. நூற்றைம்பதை அடித்து, மேலே பதினைந்து என்று எழுதினார். பிறகு கோப்பின் ஐந்தாம் பக்கத்தைத் திறந்து, விரலை முதன்மையிலிருந்து கீழே இழுத்து வெள்ளியில் நிறுத்தினார்.

“இது. ஒரு பலகை, கால் பக்கம். போதும். சட்டைய உங்கப்பா திருப்பிக் குடுத்துரட்டும், ஸ்டால் இல்லல்ல.”

“சார், தப்பு என்னோடது. அவர...”

“அவன நான் ஒண்ணும் சொல்லலயேம்மா,” என்றார் அவர். உண்மைதான். ஒன்றுமே சொல்லவில்லை.

கல்லூரியில் நடந்தது சத்தமாக நடந்தது, அதனால் அது தாங்கக்கூடியதாக இருந்தது. அதே கோப்பு இன்னும் மூன்று கடைகளுக்குப் போயிருந்தது; மூன்றுக்கும் திருத்தம் அனுப்பாமல் விடமாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். முதல்வர் கையெழுத்துள்ள கடிதத்தில் பொய் எண் இருக்கிறது என்று சொன்னதும் கன்வீனர் அடங்கினான். ஒரு கடை விலகியது, மற்ற இரண்டும் ஒரு படி இறங்கின. ரோபோ பந்தயம் வாடகைக் களம் இல்லாமல் பட்டறைத் தரையில் சாக்பீஸ் கோட்டில் நடக்கும் என்று முடிவானது. வகுப்பில் பாதிப் பேர் அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை, கணக்கு நேர்.

திருத்திய பக்கத்தோடு ஜெராக்ஸ் கடைக்கும் போனாள். அவர் படித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

“இப்ப சரியா இருக்கு.”

“அப்ப வெள்ளியாவது எடுத்துக்கறீங்களா அங்கிள்?”

“எதுக்கு? இந்த ஆயிரம் பேரும் எப்படியும் எங்கிட்டதான வராங்க.” சில்லறையைக் கல்லாவில் போட்டார். “அன்னைக்கு எங்கிட்ட கத்தினயே, அதுக்கு மட்டும் ஒண்ணும் சொல்லாமப் போறே.”

“மன்னிச்சுக்குங்க,” என்றாள். அந்த வார்த்தை அவள் வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கடையின் சின்னத்தை அச்சுக்கு அனுப்ப வாங்கிவரக் கடைத்தெருவுக்குப் போனாள். கடை வாசலில் அப்பாவின் வேன் பின்கதவு திறந்து நின்றது. அப்பா பெட்டிகளை இறக்கி நடைபாதையில் அடுக்கிக்கொண்டிருந்தார். கல்லாவில் உட்காரும் ஆள் இன்று வெளியே நின்றான். கையில் அட்டையில் செருகிய தாள். அப்பா ஒவ்வொரு பெட்டியாக வைக்க வைக்க அவன் விரலால் தொட்டு, உதட்டை அசைத்து, தாளில் ஒரு கோடு போட்டான்.

அவள் வேனுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

“இருபத்தி மூணு. இந்தத் தாள் வரைக்கும் சரியா இருக்கு,” என்றான் அவன். “ஒரு கையெழுத்து போடுங்கண்ணே. முதலாளி இனிமே இப்படித்தான்னு சொல்லிட்டாரு. தப்பா எடுத்துக்காதீங்க.”

“இதுல என்ன இருக்கு, போடறேன்.” அப்பா பேனாவை வாங்கி, வேனின் கதவில் தாளை வைத்து, பெயரை முழுதாக எழுதினார். நிமிரும்போதுதான் மகளைப் பார்த்தார்.

தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“எத்தன நாளா?” என்று கேட்டாள்.

“அந்த வெள்ளிக்கிழமையில இருந்து.” அப்பா முதுகைப் பிடித்துக்கொண்டு வேனுக்குள் எட்டி, அடுத்த பெட்டியை இழுத்தார். “எண்ணட்டும். எண்ணினா நல்லதுதான. எண்ணாமதான உனக்கு...” சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார். பெட்டியைத் தூக்க முயன்றார்; அது பெரிய பெட்டி.

அவள் பையை நடைபாதையில் வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக இறக்கி மற்றதன்மேல் வைத்தார்கள். கல்லாக்காரன் அடுத்த தாளைச் செருகிக்கொண்டு வந்து, விரலால் தொட்டு, கோடு போட்டான்.

“இருபத்தி நாலு,” என்றாள் அவள், அவனுக்கு முன்னால்.